300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தும் பக்கம் ஏன் யோசிக்கிறது? ஒரு தட்டலின் முழுப் பயணம்

"நெட் ஸ்லோவா இருக்கு" என்று தோன்றினால் நம்மில் பலர் அடுத்து செய்யும் காரியம் ஒன்றுதான்: பிளானை மாற்றுவது. 100 எம்பிபிஎஸ் இருந்தால் 300-க்குப் போவது. நானும் செய்திருக்கிறேன். ஸ்பீட் டெஸ்டில் எண் ஜம்மென்று ஏறியது. ஆனால் பக்கங்கள் திறக்கும் விதத்தில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. தட்டினால் அதே ஒரு நொடி யோசனை, அதே வெள்ளைத் திரை.

ஏன் இப்படி? பிளானில் போட்டிருக்கும் எண் ஒரு கேள்விக்கான பதில். நீங்கள் காத்திருக்கும் அந்த நேரம் வேறொரு கேள்விக்கான பதில். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி, ஒரே ஒரு தட்டலை எடுத்துக்கொண்டு அது போய் வரும் வழியெல்லாம் கூடவே நடந்து பார்ப்பதுதான்.

உதாரணத்துக்கு, நீங்கள் பெங்களூருவில் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறீர்கள். வீட்டு வைஃபையில் போன். பிரவுசரில் ta.wikipedia.org போய் ஒரு கட்டுரையைத் திறக்கிறீர்கள். விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் சர்வர்கள் எந்த ஊரில் இருக்கின்றன, எப்படி வேலை செய்கின்றன என்பதை வெளிப்படையாகவே சொல்கிறது. மற்ற தளங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

முதல் வேலை: பெயரை எண்ணாக்குவது

போனுக்கு "ta.wikipedia.org" என்ற பெயர் மட்டும் போதாது. எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற எண் வேண்டும். அதுதான் ஐபி முகவரி. நண்பர் பெயரைத் தட்டினால் போன் உள்ளுக்குள் நம்பரைத் தேடி டயல் செய்கிறதே, அதுபோலத்தான். அந்தத் தேடலுக்குப் பெயர் டிஎன்எஸ்.

போன் முதலில் தன் நினைவில் பார்க்கும். சற்று முன்பே இந்தத் தளத்தைத் திறந்திருந்தால் எண் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் உங்கள் நெட் கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். அதே ஊரில் அதே நேரம் யாராவது விக்கிப்பீடியாவைத் திறந்திருப்பார்கள் என்பதால், பெரும்பாலும் அதனிடம் பதில் தயாராக இருக்கும். சுமார் 10 மில்லி செகண்டில் வேலை முடிந்துவிடும். ஒரு நொடி என்பது 1,000 மில்லி செகண்ட் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

லேப்டாப்பில் நீங்களே இதைக் கேட்டுப் பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்ட் அல்லது டெர்மினலைத் திறந்து இப்படி அடியுங்கள்:

```
nslookup ta.wikipedia.org
```

இந்தியாவிலிருந்து கேட்டால் பொதுவாக 103.102.166.224 என்ற முகவரி வரும். இது சிங்கப்பூரில் இருக்கும் விக்கிமீடியா மையம். ஐரோப்பாவில் இருக்கும் நண்பர் இதையே அடித்தால் ஆம்ஸ்டர்டாமிலோ மார்செயிலோ உள்ள மையத்தின் முகவரி வரும். அதாவது, கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, பக்கத்தில் இருக்கும் மையத்தின் எண்ணைக் கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஆபீஸ் விபிஎன்னை ஆன் செய்துவிட்டு, அதன் மறுமுனை அமெரிக்காவில் இருந்தால், நீங்கள் அமெரிக்காவில் இருப்பதாகவே விக்கிப்பீடியா நினைக்கும். பெங்களூருவில் உட்கார்ந்துகொண்டு உலகின் மறுபக்கம் போய் வருவீர்கள். "விபிஎன் போட்டா எல்லாமே ஸ்லோ" என்று ஆபீஸில் அடிக்கடி கேட்கும் புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டுக்குள்: வைஃபையும் ரவுட்டரும்

எண் கிடைத்தாயிற்று. இப்போது போன் தன் கோரிக்கையை ஒரு சின்னப் பொட்டலமாக, அதாவது பாக்கெட்டாக, கட்டி அனுப்புகிறது. இணையத்தில் எல்லாமே இப்படி பாக்கெட்டுகளாகத்தான் போகும். ஒன்றின் அளவு சுமார் 1,500 பைட்.

முதல் தாண்டல் போனிலிருந்து ரவுட்டர் வரை. பத்தடி தூரம்தான். ஆனால் முழுப் பயணத்திலும் நம்ப முடியாத பகுதி பல வீடுகளில் இதுதான். ஒரு வைஃபை சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். டிவி பேசினால் போன் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அபார்ட்மெண்டில் உங்கள் போன் காட்டும் வைஃபை பெயர்களை எண்ணிப் பாருங்கள். பதினைந்து, இருபது இருக்கும். அத்தனை பேரும் அந்த மூன்று சேனல்களில் முறை வைத்துப் பேசுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டினால் அது சோர்ந்துவிடும்.

ரவுட்டருக்கு வந்ததும் இன்னொரு வேலை நடக்கிறது. உங்கள் போனின் முகவரி 192.168.1.5 போல ஏதோ ஒன்றாக இருக்கும். இது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். பக்கத்து வீட்டிலும் இதே எண்ணில் ஒரு போன் இருக்கலாம். ரவுட்டர் அந்த எண்ணை எடுத்துவிட்டு வெளியே செல்லுபடியாகும் ஒரு முகவரியைப் போட்டு அனுப்புகிறது. பதில் திரும்பி வரும்போது எந்த போனுக்குக் கொடுப்பது என்பதைத் தன் நோட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது. அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் "கூரியர், 4பி" என்று எழுதி வைப்பது போல.

இந்தியாவில் பல நெட் கம்பெனிகள் இதையே இன்னொரு முறையும் செய்கின்றன. பழைய வகை ஐபி முகவரிகள் எல்லோருக்கும் போதாது என்பதால், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. நீங்கள் எதுவும் செய்யாமலே ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று கேட்கிறதா? விக்கிப்பீடியாவில் எழுத்துப்பிழை திருத்தப் போனால் "இந்த ஐபி தடை செய்யப்பட்டுள்ளது" என்கிறதா? உங்களோடு அதே முகவரியைப் பகிரும் முகம் தெரியாத ஒருவர் ஏதாவது சேட்டை செய்திருக்கலாம்.

தெருவிலிருந்து கடற்கரை வரை

ரவுட்டரிலிருந்து ஃபைபர் வழியாக பாக்கெட் நெட் கம்பெனியின் பகுதி நிலையத்துக்குப் போகிறது. வழக்கமாக ஒரே ஃபைபர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அங்கிருந்து ஊருக்குள் இருக்கும் பெரிய ரவுட்டர்கள், பிறகு ஊர் விட்டு ஊர்.

ஒவ்வொரு ரவுட்டரும் பாக்கெட்டின் மேலிருக்கும் முகவரியைப் பார்த்து, "இந்தப் பக்கம் போ" என்று அடுத்தவரிடம் தள்ளுகிறது. முழு வழியும் யாருக்கும் தெரியாது, அடுத்த அடி மட்டும்தான் தெரியும். சாலை காலியாக இருந்தால் இந்தத் தள்ளலுக்கு நேரமே ஆகாது. ஆனால் இரவு ஒன்பது, பத்து மணிக்கு ஊரே வீடியோ பார்க்கும்போது, நெட் கம்பெனி வெளியே வாங்கி வைத்திருக்கும் இணைப்பு நிரம்பிவிட்டால் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். வரிசையும் நிரம்பினால் சிலவற்றைக் கீழே போட்டுவிடுவார்கள். அவற்றை மறுபடி அனுப்ப வேண்டும்.

பெங்களூருவுக்குக் கடல் இல்லை. சிங்கப்பூர் போக பாக்கெட் முதலில் சென்னைக்கு வர வேண்டும், சுமார் 350 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவின் அடியில் சிங்கப்பூருக்குக் கேபிள்கள் போகின்றன. 2002-ல் வந்த ஐ2ஐ, 2004-ல் வந்த டாடாவின் கேபிள் இரண்டும் இந்த வழித்தடத்தில் போடப்பட்டவை. நீளம் ஒவ்வொன்றும் சுமார் 3,200 கிலோமீட்டர். செயற்கைக்கோள் வழியாகத்தான் இதெல்லாம் போகிறது என்று பலர் நினைக்கிறோம். கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையப் போக்குவரத்தில் மிகப் பெரும்பங்கு கடலடிக் கேபிளில்தான்.

இங்கேதான் எந்த பிளானாலும் மாற்ற முடியாத ஒரு விஷயம் வருகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பெங்களூரு முதல் சிங்கப்பூர் வரை 3,550 கிலோமீட்டர் என்றால், போக 18 மில்லி செகண்ட், வர 18. ஆக 36. இதற்குக் கீழே யாராலும் போக முடியாது. வைஃபை, வழியில் இருக்கும் ரவுட்டர்கள், சுற்று வழிகள் எல்லாம் சேர்த்து ஒரு முறை போய் வர 50 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நெட் கம்பெனி மும்பை வழியாகச் சுற்றி அனுப்பினால் இது இன்னும் கூடும்.

50 மில்லி செகண்ட் என்பது நொடியில் இருபதில் ஒரு பங்கு. அப்புறம் ஏன் காத்திருக்கிறோம்? ஏனென்றால் ஒருமுறை போய் வந்தால் வேலை முடிவதில்லை.

ஒரு பக்கத்துக்கு எத்தனை ட்ரிப்?

போன் நேராகப் போய் "கட்டுரையைக் கொடு" என்று கேட்க முடியாது. முதல் ட்ரிப்பில் வெறும் அறிமுகம்: "பேசலாமா?" "பேசலாம்." இரண்டாவது ட்ரிப்பில் பூட்டு சாவி. சிங்கப்பூர் சர்வர் தான் உண்மையான விக்கிப்பீடியாதான் என்று சான்றிதழைக் காட்டுகிறது. இருவரும் ஒரு ரகசியச் சாவியை முடிவு செய்கிறார்கள். முகவரிப் பட்டையில் வரும் https என்பதன் பொருள் இதுதான். இதற்குப் பிறகு நீங்கள் எந்தக் கட்டுரையைப் படிக்கிறீர்கள் என்பது நெட் கம்பெனிக்குத் தெரியாது. விக்கிப்பீடியாவுக்குப் போனீர்கள் என்பது மட்டும் தெரியும்.

மூன்றாவது ட்ரிப்பில்தான் கோரிக்கை போகிறது. சிங்கப்பூரில் அந்தக் கட்டுரையின் நகல் ஏற்கெனவே தயாராக இருந்தால் உடனே அனுப்ப ஆரம்பிக்கிறார்கள். ஆனால் முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்புவதில்லை. நடுவில் இருக்கும் சாலை எவ்வளவு தாங்கும் என்று சர்வருக்குத் தெரியாது அல்லவா? அதனால் முதலில் பொதுவாகப் பத்து பாக்கெட், அதாவது சுமார் 14 கிலோபைட் மட்டும் அனுப்பும். "வந்துவிட்டது" என்று போன் சொன்னதும் இருபது. பிறகு நாற்பது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ட்ரிப் காத்திருப்பு.

கட்டுரையின் எழுத்துப் பகுதி, சுருக்கிய பிறகு, 70 கிலோபைட் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போடுவோம். முதல் சுற்றில் 14, இரண்டாவதில் 28, மீதி மூன்றாவதில். ஆக, அறிமுகத்துக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று, பக்கம் வந்து சேர மூன்று, மொத்தம் ஐந்து ட்ரிப். ஐந்தை 50-ஆல் பெருக்கினால் 250. டிஎன்எஸ்ஸுக்கு 10 சேர்த்தால் 260 மில்லி செகண்ட். நொடியில் கால் பங்கு. பரவாயில்லை.

இப்போது உங்கள் பிளானுக்கு வருவோம். 70 கிலோபைட்டைக் கொட்டித் தீர்க்க 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு ஆகும் நேரம் சுமார் 5.6 மில்லி செகண்ட். 300 எம்பிபிஎஸ்ஸில் சுமார் 1.9. நீங்கள் கூடுதல் பணம் கொடுத்து மிச்சப்படுத்தியது 4 மில்லி செகண்டுக்கும் கீழே. மீதி 250-ம் அப்படியே இருக்கிறது. எம்பிபிஎஸ் என்பது குழாயின் அகலம். ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்க அகலமான குழாய் போட்டு என்ன பயன், தொட்டி 3,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது?

அகலம் தேவைப்படும் இடங்கள் இல்லாமல் இல்லை. 2 ஜிபி ஃபைலை டவுன்லோட் செய்ய, வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் 4கே வீடியோ பார்க்க, 300 எம்பிபிஎஸ் உண்மையிலேயே உதவும். ஆனால் சின்னச் சின்னப் பக்கங்களைத் திறப்பது வேறு வேலை.

சிங்கப்பூர் மையம் இல்லாவிட்டால்?

விக்கிமீடியாவின் முதன்மை சர்வர்கள் அமெரிக்காவில், வர்ஜீனியாவிலும் டெக்சாஸிலும் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு ஒரு ட்ரிப் சுமார் 250 மில்லி செகண்ட். அதே ஐந்து ட்ரிப்பையும் அங்கே போட்டால் 1,250. கால் நொடியில் திறந்த பக்கம் ஒண்ணேகால் நொடி எடுக்கும். நகல் வைத்திருக்கும் மையத்தை உங்கள் பக்கம் கொண்டு வந்ததுதான் வித்தியாசம். பெரிய வீடியோ நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தங்கள் நகல் சர்வர்களை இந்திய நகரங்களிலேயே, பல சமயம் நெட் கம்பெனியின் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. வீடியோ ஓடுகிறது, ஆனால் ஏதோ ஒரு சின்ன வெளிநாட்டுத் தளம் மட்டும் திறக்க மறுக்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

நகலுக்கும் எல்லை உண்டு. விக்கிப்பீடியாவில் லாக்-இன் செய்து கட்டுரையைத் திருத்தி சேமித்தால், அந்தக் கோரிக்கை சிங்கப்பூரோடு நிற்காது. அன்றைக்கு முதன்மையாக இருக்கும் அமெரிக்க மையத்துக்குப் போய், அங்கே பதிவாகித்தான் திரும்பும். படிக்கும்போது இருக்கும் வேகம் சேமிக்கும்போது இருக்காது. உங்கள் ஆபீஸ் டூல்களிலும் இதே கதைதான்: எல்லோருக்கும் பொதுவான பக்கம் சட்டென்று வரும், உங்கள் கணக்கு விவரம் மட்டும் யோசித்து வரும்.

கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் பழுதாகி, இந்தியாவின் மேற்கு நோக்கிய இணைப்பு பெரும் அடி வாங்கியது. நெட் முழுதாகச் சாகவில்லை. போக்குவரத்தைக் கிழக்குப் பக்கம் திருப்பினார்கள். வழி நீண்டது, மிச்சமிருந்த கேபிள்களில் நெரிசல் கூடியது. ஆபீஸ்களில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எல்லாம் நத்தை வேகம்.

ஸ்லோ என்றால் எங்கே ஸ்லோ?

இனி, பிளான் மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். லேப்டாப்பை அதே வைஃபையில் இணைத்து இந்த இரண்டையும் ஒவ்வொன்றாக அடியுங்கள். ரவுட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.

```
ping 192.168.1.1
ping ta.wikipedia.org
```

`time=` என்று வருவதுதான் ஒரு ட்ரிப்புக்கான மில்லி செகண்ட். முதல் வரி உங்கள் வீட்டுக்குள் மட்டும் போய் வருகிறது. அது 2 முதல் 5-க்குள் சீராக இருக்க வேண்டும். 3, 70, 5, 140 என்று துள்ளினால் பழுது வீட்டுக்குள்தான். நெட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ரவுட்டரை நடு ஹாலுக்குக் கொண்டு வாருங்கள், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

முதல் வரி சீராக இருந்து, இரண்டாவது மட்டும் மதியம் 50, இரவு பத்து மணிக்கு 200 என்று வந்தால், நெரிசல் நெட் கம்பெனி பக்கம். நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள். "ஸ்லோவா இருக்கு சார்" என்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம். எந்த நேரத்திலும் 250 என்றே வந்தால் வழி நீளம். முதலில் விபிஎன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழியில் எந்த இடத்தில் எண் தாவுகிறது என்று பார்க்க விண்டோஸில் `tracert ta.wikipedia.org`, மேக்கில் `traceroute ta.wikipedia.org`. நடுவில் சில வரிகளில் வெறும் நட்சத்திரம் வந்தால் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான். கடைசி வரி வருகிறதா என்பதே முக்கியம்.

பக்கமே திறக்காவிட்டால் குரோம் காட்டும் பிழையைப் படியுங்கள். `DNS_PROBE_FINISHED_NXDOMAIN` என்றால் பயணம் தொடங்கவே இல்லை, பெயருக்கு எண் கிடைக்கவில்லை. தளத்தின் பெயரைச் சரியாக அடித்தீர்களா என்று முதலில் பாருங்கள். `ERR_CONNECTION_TIMED_OUT` என்றால் எண் கிடைத்தது, "பேசலாமா?" என்ற முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் உங்கள் வீட்டு இணைப்பில் கோளாறு. அங்கேயும் திறக்காவிட்டால், பெரும்பாலும் அந்தத் தளத்தின் பக்கம்தான்.

என் வீட்டில் முதல் வரியிலேயே 80, 90 என்று வந்தது. ரவுட்டர் டிவி யூனிட்டுக்குப் பின்னால், மரக் கதவுக்கு உள்ளே இருந்தது. வெளியே எடுத்து வைத்தேன், 4-க்கு இறங்கியது. அடுத்த மாதம் பிளானைத் திரும்ப 100-க்கே மாற்றிவிட்டேன்.